நெட் போனால் கையில் இருந்த சீட்டு என்ன ஆகும்?

2024இல் ஒருநாள் தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் அத்தான், கைபேசியில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். ஆறு பேர் மேசை, புள்ளிக்கு ஒரு ரூபாய். தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தான் திரையைத் தட்டினார், கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், டேட்டாவை அணைத்துப் போட்டார். நான்கைந்து நிமிடம் கழித்து சிக்னல் வந்தபோது அந்த ஆட்டமே திரையில் இல்லை. கணக்கில் 40 ரூபாய் குறைந்திருந்தது.

"இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்தா டிக்ளேர்டா. ஒரு ராஜா போதும். நான் ஒண்ணுமே பண்ணலையே, எப்படி நாப்பது போச்சு?" என்று சேலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார்.

40 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் அத்தானின் கேள்வி நியாயமானது. அவர் சீட்டை எடுக்கவில்லை, போடவில்லை, விலகுகிறேன் என்றும் சொல்லவில்லை. அப்படியிருக்க அவர் பெயரில் ஆடியது யார்? இதை விளக்கிச் சொன்னவன் என் மாமா மகன். பெங்களூரில் சீட்டாட்ட ஆப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சர்வர் பக்கத்து வேலை பார்த்தவன். அவனிடம் கேட்டபோது முதலில் சொன்னது இதுதான்: "அண்ணே, சீட்டு அத்தான் கையில இருந்துச்சுன்னு யார் சொன்னது?"

கைபேசியில் தெரியும் 13 சீட்டும் வெறும் படம். உண்மையான சீட்டுக்கட்டு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. கட்டைக் கலைப்பது, பிரிப்பது, யாருடைய முறை என்று பார்ப்பது, நேரத்தை எண்ணுவது எல்லாமே அங்கேதான். கைபேசி இரண்டே வேலைதான் செய்கிறது. சர்வர் சொல்வதைப் படமாக வரைந்து காட்டும்; நாம் தொட்டதைச் சர்வருக்குச் சொல்லும். நம் திரையில் ஓடும் கடிகாரம்கூட வரைந்த கடிகாரம்தான். கணக்கில் வருவது சர்வரின் கடிகாரம். நெட் போனால் நமக்கும் மேசைக்கும் இடையே உள்ள பேச்சு மட்டும்தான் நிற்கும். மேசை நிற்காது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. பந்தயம் என்பது நாம் பொத்தானை அழுத்தும் நொடியில் நடப்பதில்லை. சர்வர் அதை வாங்கித் தன் பதிவில் எழுதும் நொடியில்தான் நடக்கிறது. அழுத்திய செய்தி சர்வரைச் சேரும் முன்பே இணைப்பு அறுந்தால் பந்தயம் கட்டவே இல்லை என்று பொருள், பணமும் போகாது. சர்வர் எழுதிய பிறகு அறுந்தால், நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பந்தயம் கட்டியதுதான்.

குழப்பம் வருவது இந்த இரண்டுக்கும் நடுவில். பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்து அனுப்பிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அட்டை திரும்பி வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். கடிதமே போய்ச் சேராமல் இருக்கலாம். அல்லது கடிதம் சேர்ந்து, அட்டை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பந்தயமும் அப்படித்தான். 'கிடைத்தது' என்று சர்வர் அனுப்பிய பதில் வழியில் தொலைந்தால், ஆடுபவர் பந்தயம் விழவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார். அதனால் ஒழுங்காக எழுதப்பட்ட ஆப்பில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் தனி எண் உண்டு. பதில் வராததால் ஆப் அதே செய்தியை மறுபடி அனுப்பினாலும் அதே எண்ணோடுதான் அனுப்பும். அந்த எண்ணை முன்பே பதிந்துவிட்ட சர்வர் இரண்டாவதைத் தள்ளிவிடும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒரு பந்தயம் இரண்டு பந்தயமாக விழும்.

சுழலும் சக்கரம், ஸ்லாட் இயந்திரம் போன்ற ஆட்டங்களில் கதை இதோடு முடிந்துவிடும். பந்தயம் பதிவானதுமே முடிவையும் சர்வர் எடுத்துவிடுகிறது. திரையில் சக்கரம் சுற்றுவது அந்த முடிவைக் காட்டும் படக்காட்சிதான். சுற்றும்போது நெட் போனால் முடிவு மாறாது. திரும்பி வந்து கணக்கைப் பார்த்தால் வென்றதோ தோற்றதோ அங்கே இருக்கும். ஒரு ஆள் மட்டும் நிறுவனத்தின் கணினியோடு ஆடும் பிளாக்ஜாக் போன்ற ஆட்டத்தில் பெரும்பாலும் பாதியில் நின்ற ஆட்டத்தை அப்படியே வைத்திருப்பார்கள். காத்திருப்பதால் வேறு யாருக்கும் நஷ்டம் இல்லை என்பதால் அது முடிகிறது. பிரிட்டனில் சூதாட்ட நிறுவனங்களுக்கான தொழில்நுட்ப விதிகளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆட்டம் தடைபட்டால் நிறுவனம் பின்பற்றும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், அது வாடிக்கையாளருக்கு மட்டும் தொடர்ந்து பாதகமாக அமையக் கூடாது என்கிறது அந்த விதி.

சிக்கல், பலர் சேர்ந்து ஆடும் சீட்டில்தான். அங்கே ஒருவர் காணாமல் போனால் மற்ற ஐந்து பேரின் பணமும் மேசையில் கிடக்கிறது. அவர்களைக் காக்க வைக்கவும் முடியாது, காணாமல் போனவரின் சீட்டை இன்னொருவரிடம் கொடுக்கவும் முடியாது.

முதலில், ஆள் காணாமல் போனது சர்வருக்கு எப்படித் தெரியும்? உடனே தெரியாது. கைபேசியும் சர்வரும் சில நொடிகளுக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தியைப் பரிமாறிக்கொள்ளும். நாடித்துடிப்பு மாதிரி. தொடர்ந்து சில துடிப்புகள் வராவிட்டால்தான் இணைப்பு போய்விட்டது என்று சர்வர் முடிவு கட்டும். அதுவரை அத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறாரா, கணவாயில் சிக்னல் இல்லாமல் தவிக்கிறாரா என்பது அதற்குப் புரியாது. வீட்டு வைஃபையிலிருந்து வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போதும் இதேதான் நடக்கும். திரையின் மேலே சிக்னல் கோடுகள் நிறைய இருக்கும். ஆனால் கைபேசியின் இணைய முகவரி மாறிவிட்டதால் பழைய இணைப்பு செத்திருக்கும். ஆப் புதிதாக இணைந்து, 'நான்தான் அந்த ஆள்' என்று சொல்லி, மேசையின் அப்போதைய நிலையை முழுதாக வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆட முடியும்.

இணைப்பு போனபின் பணமேசை ரம்மி ஆப்புகளில் வழக்கமாக இருந்த நடைமுறை இது. நம் முறை வந்ததும் சர்வர் கடிகாரம் ஓடும், ஏறக்குறைய அரை நிமிடம். அது முடிந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் தருவார்கள். அதுவும் தீர்ந்தால் சர்வரே நமக்காக ஆடும். கவிழ்த்து வைத்த கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுக்கும். எடுத்த அதே சீட்டைக் கீழே போட்டுவிடும். நம் கையில் உள்ள 13 சீட்டையும் தொடாது. இதற்குத் தானியங்கி ஆட்டம் என்று பெயர். இப்படித் தொடர்ந்து மூன்று முறை தவறினால் நம்மை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடும்.

கிளப்பில் ஆடியவர்களுக்கு 'ஸ்கூட்' தெரியும். ஆப்பில் அதற்கு 'டிராப்'. சீட்டு பிரித்ததும், முதல் முறையிலேயே ஒன்றும் எடுக்காமல் விலகினால் 20 புள்ளி. நடுவில் விலகினால் 40. அதிகபட்சம் 80, அதுதான் ஃபுல். மூன்று முறை தவறியவரைச் சர்வர் நடுவில் விலகியவராகவே எடுத்துக்கொள்ளும். அத்தானின் 40 வந்தது இப்படித்தான்.

அன்று அத்தான் கையில் இருந்ததை அவர் சொன்னபடியே இங்கே போட்டுப் பார்க்கிறேன். ஆர்ட்டின் 4, 5, 6. இது ஜோக்கர் கலக்காத ஒரிஜினல் வரிசை. கிளாவர் 9, 10, ஜாக்கி, ராணி. இது இரண்டாவது வரிசை. இஸ்பேடு, டைமன், கிளாவர் மூன்றிலும் ஆளுக்கொரு 8. பிறகு டைமன் ராஜா, இஸ்பேடு ராஜா. கடைசியில் ஒட்டாமல் ஒரு 2. மொத்தம் 13. ஆர்ட்டின் ராஜாவோ கிளாவர் ராஜாவோ ஒரு ஜோக்கரோ வந்தால் 2ஐப் போட்டு டிக்ளேர் செய்துவிடலாம்.

நெட் போகாமல் இருந்து, வேறொருவர் முந்திக்கொண்டு டிக்ளேர் செய்திருந்தால் அத்தானுக்கு எவ்வளவு போயிருக்கும்? சேர்ந்த சீட்டுகளுக்குக் கணக்கு இல்லை. இரண்டு ராஜாவுக்கு 20, அந்த 2க்கு 2, ஆக 22 புள்ளி. அதாவது ஆடித் தோற்றிருந்தால் 22 ரூபாய். ஆட முடியாமல் போனதால் 40 ரூபாய். கை எவ்வளவு நன்றாகச் சேர்ந்திருக்கிறதோ, இணைப்பு போவதன் நஷ்டம் அவ்வளவு கூடும். மோசமான கையோடு இருப்பவருக்கு இதே 40 லாபமாகக்கூட இருக்கும். ஒரிஜினல் சேராமல் 80 போக இருந்தவர் பாதியோடு தப்பிப்பார்.

மாமா மகன் அதோடு விடவில்லை. "முடிஞ்ச ஆட்டத்தோட பதிவு ஆப்பிலேயே இருக்கும்ணே. ஆட்ட எண்ணைத் தட்டினா ஒவ்வொரு முறையும் என்ன எடுத்தாங்க, என்ன போட்டாங்கன்னு வரும். பாருங்க" என்றான். அத்தான் எடுத்துக் காட்டினார். அவர் பெயரில் சர்வர் மூன்று முறை ஆடியிருந்தது. முதல் முறை எடுத்துப் போட்டது டைமன் 3. இரண்டாம் முறை எடுத்துப் போட்டது ஆர்ட்டின் ராஜா.

அத்தான் ரொம்ப நேரம் பேசவே இல்லை. "அதைக்கூட வச்சிருக்கக் கூடாதாடா?" என்று மட்டும் கேட்டார்.

வைத்திருக்க முடியாதா என்றால், எழுதினால் முடியும். எந்தச் சீட்டு சேரும் என்று கண்டுபிடிப்பது கணினிக்குச் சின்ன வேலை. ஆனால் அப்படிச் செய்தால் அத்தானுக்குப் பதில் நிறுவனத்தின் கணினி ஆடுகிறது என்று ஆகிவிடும். மற்ற ஐந்து பேரும் ஒரு மனிதரோடு ஆடுவதாக நினைத்துப் பணம் போட்டவர்கள். எடுத்ததையே போடும் முட்டாள்தனமான ஆட்டம் வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது. அதில் யாருடைய புத்தியும் கலக்காது. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 40 புள்ளி என்ற தண்டனையை அந்த அளவுக்கு ஏற்க முடியவில்லை. விலகியவருக்கும் விழுந்துவிட்டவருக்கும் ஒரே கணக்கு போடுவது, வழக்கத்தால் வந்ததே தவிர நியாயத்தால் வந்ததாகத் தெரியவில்லை.

இருந்தாலும் இணைப்பு போனவருக்குச் சலுகை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. இணையத்தில் பணம் வைத்து போக்கர் ஆடுவது 1998இல் தொடங்கியது. அப்போது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இன்டர்நெட். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். பாவம் ஆடுபவர் என்ன செய்வார் என்று அந்தக் காலத்துத் தளங்கள் ஒரு பாதுகாப்பு வைத்தன. ஆட்டத்தின் நடுவில் இணைப்பு போனால், அதுவரை அவர் போட்ட பணத்துக்கு மட்டும் அவருக்குப் பங்கு உண்டு. மேற்கொண்டு பணம் போடத் தேவையில்லை. கடைசியில் சீட்டைத் திறக்கும்போது அவர் சீட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேசை நடுவில் 40 டாலர் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிராளி இன்னும் 30 டாலர் வைக்கிறார். உங்கள் கை சுமார்தான். 30 கொடுத்துத் தொடர வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு 40ஐயும் மறக்க வேண்டும். போக்கர் ஆட்டமே இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே ஒருவர் கம்பியைப் பிடுங்கிவிட்டால்? 30 டாலர் கொடுக்காமலே கடைசிவரை போய், அதிர்ஷ்டம் இருந்தால் 40ஐயும் அள்ளிவிடலாம். ஆட்கள் அதைத்தான் செய்தார்கள். கை இறுக்கும்போதெல்லாம் சிலருக்கு 'இணைப்பு' போனது. ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்று தளங்கள் வரம்பு வைத்தன, சந்தேகப்பட்டவர்களின் பழைய ஆட்டங்களைத் தோண்டிப் பார்த்தன. நிஜமாக அறுந்ததையும் பிடுங்கியதையும் சர்வரால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டிலும் அதற்குத் தெரிவது மௌனம் மட்டும்தான். கடைசியில் அந்தப் பாதுகாப்பைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். இப்போது போக்கரில் இணைப்பு போனால் கூடுதலாகக் கொஞ்சம் நேரம் கொடுப்பார்கள். அதற்குள் வராவிட்டால், முன்னால் பந்தயம் இருந்தால் சீட்டு கவிழும். பந்தயம் இல்லாவிட்டால் காசு போடாமல் அந்தச் சுற்று நகரும்.

ரம்மி ஆப்புகளின் கறாரான விதிக்கும் இதுதான் வேர். தவறினால் 40 என்று இல்லாமல், இணைப்பு போனவருக்கு 20 மட்டும் என்று வைத்திருந்தால், கை கெட்டவர் எல்லாரும் விமானப் பயன்முறையைத் தட்டியிருப்பார்கள்.

போனது நம் இணைப்பா, அவர்களுடைய சர்வரா என்பது அடுத்த கேள்வி. விதிகளில் இரண்டுக்கும் தனித்தனி வழி உண்டு. ஒருவருடைய இணைப்பு போனால் ஆட்டம் செல்லும். சர்வரே விழுந்துவிட்டால் அந்த ஆட்டத்தை ரத்து செய்து, எல்லாருக்கும் நுழைவுப் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆடுபவர் கண்ணுக்கு இரண்டிலும் அதே சுற்றும் வட்டம்தான் தெரியும். பிரித்தறிய ஆட்டப் பதிவு உதவும். நாம் இல்லாதபோது மற்றவர்கள் சீட்டு எடுத்து, யோசித்து, போட்டு ஆடியிருந்தால் மேசை உயிரோடு இருந்தது, நம் இணைப்புதான் போனது. ஒரே நேரத்தில் மேசையில் இருந்த எல்லாருமே எடுத்ததையே போட்டிருந்தால் கோளாறு அவர்கள் பக்கம். புகார் செய்பவர் ஆட்ட எண்ணையும் நேரத்தையும் சொன்னால்தான் யாராலும் தேட முடியும். 'நேற்று ராத்திரி ஆடும்போது' என்று எழுதினால் பதில் வராது.

ஆனால் அந்தப் பதிவு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. நமக்குக் காட்டுவது அவர்கள் காட்ட விரும்புவதை. யுபிஐயில் பணம் எடுக்கப்பட்டு எதிராளிக்குப் போகவில்லை என்றால், இடையில் இரண்டு வங்கிகளிலும் கணக்கு இருக்கிறது. மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்திருக்கிறது. சீட்டு மேசைக்கு அப்படி இரண்டாவது கணக்குப் புத்தகம் கிடையாது. நிறுவனத்தின் பதிவு ஒன்றுதான் சாட்சி.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதற்கு நாடு முழுவதும் தடை விதித்தது. ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பாகுபாடு அதில் இல்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரை அந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. அத்தான் ஆடிய ஆப்பும் பண மேசைகளை மூடிவிட்டது. இப்போது இலவசப் புள்ளிக்குத்தான் ஆடுகிறார். தொப்பூரில் இன்றும் சில இடங்களில் திரை நிற்கிறது, சர்வர் இன்றும் எடுத்ததையே போடுகிறது, போவது வெறும் புள்ளி.

ஆனால் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வேறு மேசைகள் வருகின்றன. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் தளம், இங்கே யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கு, புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று அழைப்பு. அங்கே ஆட்டத்தின் நடுவில் திரை நின்றால் அது உங்கள் சிக்னலா, அவர்கள் வேண்டுமென்றே துண்டித்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது. ஆட்ட எண் இருக்காது, பதிவு இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது, புகார் சொல்ல முகவரியும் கிடையாது. அந்த அழைப்புகளுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.